சின்க்ரோனஸ் ரிலக்டன்ஸ் மோட்டார்: காந்தமும் காயிலும் இல்லாத ரோட்டர் எப்படிச் சுற்றுகிறது? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

ரோட்டரில் காந்தம் இல்லை, காயிலும் இல்லை என்றால் வெளியே அசையாமல் நிற்கும் ஸ்டேட்டர் எதைப் பிடித்து இழுக்கிறது?

வெறும் இரும்பைத்தான். ஆனால் அந்த இரும்பின் வடிவத்தில் சூட்சுமம் இருக்கிறது.

ஓர் ஆணியின் நடுவில் நூலைக் கட்டி, குதிரைலாட வடிவக் காந்தத்தின் இரண்டு முனைகளுக்கு நடுவே தொங்கவிடுங்கள். குறுக்காக நிறுத்தினாலும் அது சட்டென்று திரும்பி, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பாலம் போட்டதுபோல் நீளவாக்கில் நிற்கும். ஆணிக்குப் பதில் ஓர் இரும்புக் குண்டைத் தொங்கவிட்டால் திரும்பவே திரும்பாது. குண்டுக்கு எல்லாத் திசையும் ஒன்றுதான். ஆணிக்கு நீளவாக்கு ஒரு மாதிரி, குறுக்குவாக்கு வேறு மாதிரி. காந்தக் கோடுகள் காற்றில் போவதைவிட இரும்பில் போவதையே விரும்பும். தங்கள் பாதையில் இரும்பு எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது என்று ஆணியை இழுத்துத் திருப்பிவிடுகின்றன. பாதை காட்டும் எதிர்ப்புக்குத்தான் ரிலக்டன்ஸ், அதாவது காந்தத்தடை, என்று பெயர்.

இப்போது அந்தக் காந்தத்தை மெதுவாகச் சுற்றினால் ஆணியும் பின்னாலேயே சுற்றும். மோட்டாரில் அப்படிச் சுற்றும் காந்தத்தின் வேலையை ஸ்டேட்டரின் மூன்று ஃபேஸ் வைண்டிங் செய்கிறது. ஆணியின் இடத்தில் ரோட்டர். சுமை எதுவும் இல்லை என்றால் ரோட்டர் அந்தச் சுற்றும் காந்தப்புலத்தோடு நேராக ஒட்டிக்கொண்டு ஓடும். சுமை ஏறினால் கொஞ்சம் பின்தங்கும். அந்தப் பின்தங்கலில்தான் டார்க், அதாவது சுழற்றும் விசை, பிறக்கிறது. பின்தங்கினாலும் வேகம் குறையாது. ரோட்டர் அதே வேகத்தில், ஒரு குறிப்பிட்ட கோணம் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும். பெயரில் ‘சின்க்ரோனஸ்’ என்று இருப்பது அதனால்தான்.

ஆணியின் எந்த முனை காந்தத்தின் வடக்குப் பக்கம் நிற்கிறது என்பதைப் பற்றி இந்த இழுவைக்குக் கவலை இல்லை. அரைச் சுற்று திருப்பி வைத்தாலும் எல்லாம் அப்படியே இருக்கும். இதை நினைவில் வையுங்கள், பின்னால் உதவும்.

ரோட்டரை வெட்டிப் பார்த்தால் உள்ளே என்ன இருக்கும்?

மெல்லிய மின்எஃகுத் தகடுகளை அடுக்கி ஷாஃப்டில் இறுக்கியிருப்பார்கள். பொதுவாக அரை மில்லிமீட்டர் தடிமன். சில மோட்டார்களில் அதைவிட மெல்லியது. அதில் ஒரே ஒரு தகட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் கதை புரிந்துவிடும். வட்டத் தகடு, நடுவில் ஷாஃப்டுக்கான துளை. நான்கு போல், அதாவது நான்கு காந்தத் துருவம், உள்ள மோட்டார் என்றால் நான்கு பக்கமும் பிறை பிறையாகத் துளைகள், ஒன்றுக்குள் ஒன்று வளைந்து, ஒரு போலுக்கு மூன்று அல்லது நான்கு. முதலில் பார்ப்பவருக்குக் கோலம் போட்டதுபோல் இருக்கும். அந்தப் பிறைகள் காலியானவை, உள்ளே காற்று மட்டும்தான். இவற்றை ஃப்ளக்ஸ் பேரியர் என்பார்கள்.

இரண்டு பிறைகளுக்கு நடுவே இருக்கும் இரும்புப் பட்டை ஓர் இடத்தில், ரோட்டருக்கும் ஸ்டேட்டருக்கும் நடுவிலுள்ள காற்றிடைவெளியை ஒட்டித் தொடங்கி, வளைந்து உள்ளே போய், 90 டிகிரி தள்ளி மறுபடி வெளியே வருகிறது. அந்தப் பட்டையின் வழியாகப் போகும் காந்தப்பாய்வுக்கு முழுக்க இரும்புதான். இதை இலகு வழி என்று வைத்துக்கொள்வோம். பொறியாளர்கள் டி-அச்சு என்பார்கள். ஆனால் பிறைகளைக் குறுக்கே தாண்டிப் போக நினைக்கும் பாய்வு இரும்பு, காற்று, இரும்பு, காற்று என்று ஒவ்வொரு காற்றுச் சுவரிலும் முட்டிக்கொள்கிறது. அது கடின வழி, கியூ-அச்சு. இரும்பைவிடக் காற்றின் காந்தத்தடை ஆயிரக்கணக்கான மடங்கு அதிகம் என்பதால், சில மில்லிமீட்டர் காற்றே பெரிய சுவராகிவிடும்.

ஆணியில் நீளத்துக்கும் அகலத்துக்கும் இருந்த வித்தியாசத்தை, வட்டமான ஒரு ரோட்டருக்குள் வெட்டி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். வெளியே இருந்து பார்த்தால் வழவழப்பான உருளை.

துளைகளை அதிகம் வெட்டினால் கடின வழி இன்னும் கடினமாகும். ஆனால் இரும்பு குறைந்துபோய் இலகு வழியும் நெருக்கடியாகிவிடும். ரோட்டரின் பாதியைக் காற்றுக்கும் பாதியை இரும்புக்கும் கொடுப்பதுபோல் ஒரு பங்கீட்டில்தான் பெரும்பாலான வடிவமைப்புகள் வந்து நிற்கின்றன.

பிறைகள் வெளிவிளிம்பு வரை போனால் தகடு துண்டு துண்டாகப் பிரிந்துவிடாதா?

பிரிந்துவிடும். அதனால்தான் ஒவ்வொரு பிறையின் நுனியிலும், காற்றிடைவெளியை ஒட்டி, ஒரு மெல்லிய இரும்புப் பாலத்தை விட்டு வைக்கிறார்கள். விரல் நகத்தின் தடிமன்தான் இருக்கும்: அரை மில்லிமீட்டர், ஒரு மில்லிமீட்டர். சில வடிவங்களில் பிறையின் நடுவிலும் ஒரு பாலம் இருக்கும். மொத்த ரோட்டரையும் பிடித்து வைத்திருப்பது இவைதான்.

காந்தப்பாய்வுக்கோ அவை குறுக்கு வழி. கடின வழியில் போகவேண்டிய பாய்வு, சுவரைச் சுற்றி அந்தப் பாலத்தின் வழியாக நழுவிவிடும். ஆனால் பாலம் மெல்லியது, 2 டெஸ்லா அளவில் நிறைந்துவிடும். அதற்குமேல் அதிகம் விடாது. அந்த நழுவல் டார்க்கில் கொஞ்சத்தைத் தின்றுவிடுகிறது. பாலத்தைத் தடிப்பாக்கினால் ரோட்டர் பலமாகும், டார்க் குறையும். மெலிதாக்கினால் டார்க் கூடும், ரோட்டர் பலவீனமாகும். இந்த மோட்டாரின் வேக வரம்பு பெரும்பாலும் இங்கேதான் முடிவாகிறது. மையவிலக்கு விசை வேகத்தின் இருமடியில் ஏறுவதால், 1500 ஆர்பிஎம்முக்கு வடிவமைத்த பாலம் 3000-இல் நான்கு மடங்கு விசையைத் தாங்கவேண்டும், 6000-இல் பதினாறு மடங்கு. மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தின் ஃப்ரீக்வென்சியை மாற்றி வேகத்தை மாற்றும் கருவிக்கு டிரைவ் என்று பெயர். ‘டிரைவ் இருக்கிறதே, ஃப்ரீக்வென்சியை ஏற்றிவிடலாம்’ என்று நினைப்பவர்கள் முதலில் நேம்பிளேட்டில் அதிகபட்ச வேகத்தைப் பார்க்கவும்.

டார்க் எவ்வளவு வரும் என்று ஒரு கணக்குப் போட்டுக் காட்ட முடியுமா?

போடலாம். சூத்திரம் சின்னது:

T = 1.5 × p × (Ld − Lq) × id × iq

p என்பது போல் ஜோடிகளின் எண்ணிக்கை. Ld, Lq இரண்டும் இலகு வழியிலும் கடின வழியிலும் ஸ்டேட்டர் காட்டும் இண்டக்டன்ஸ். id, iq என்பவை ஸ்டேட்டர் கரண்டை அந்த இரண்டு திசைகளாகப் பிரித்த பங்குகள், உச்ச மதிப்பில். இரண்டு வழியும் ஒன்றாக இருந்தால் அடைப்புக்குறிக்குள் பூஜ்யம், டார்க்கும் பூஜ்யம். அது இரும்புக் குண்டின் நிலை.

11 கிலோவாட், 4 போல், 1500 ஆர்பிஎம் மோட்டார் ஒன்றை எடுத்துக்கொள்வோம். p = 2. Ld 80 மில்லிஹென்றி, Lq 10 மில்லிஹென்றி என்று வைப்போம். டிரைவ் id-ஐ 12 ஆம்பியரிலும் iq-ஐ 28 ஆம்பியரிலும் பிடித்து வைத்திருக்கிறது.

1.5 × 2 × 0.070 × 12 × 28 = 70.6 நியூட்டன் மீட்டர்.

1500 ஆர்பிஎம் என்றால் விநாடிக்கு 157 ரேடியன். பெருக்கினால் 11.1 கிலோவாட். சரியாக வந்துவிட்டது.

இந்த இரண்டு கரண்டில் 12 ஆம்பியர், காந்தப்புலத்தை உண்டாக்கவே போகிறது. பெர்மனெண்ட் மேக்னெட் மோட்டாரில் அந்த வேலையைக் காந்தம் இலவசமாகச் செய்துவிடும். இங்கே காந்தம் இல்லை, அதன் பங்கையும் டிரைவ்தான் கரண்டாகக் கொடுக்கவேண்டும். இந்த மோட்டாரின் நல்லது கெட்டது இரண்டும் இந்த ஒரு விஷயத்திலிருந்துதான் வருகின்றன.

id, iq இரண்டும் சமமாக, கரண்ட் 45 டிகிரியில் இருந்தால்தான் அதிக டார்க் என்று படித்தேன். உங்கள் கணக்கில் அப்படி இல்லையே?

நன்றாகக் கவனித்திருக்கிறீர்கள். இரும்பு ஒருபோதும் நிறையாது, வோல்டேஜுக்கும் வரம்பு கிடையாது என்றால் 45 டிகிரிதான் சரி. இரண்டு எண்களின் பெருக்கல், அவை சமமாக இருக்கும்போதுதான் அதிகம்.

அதையே போட்டுப் பார்ப்போம். id, iq இரண்டும் 18.3 ஆம்பியர் என்றால் அதே டார்க் வந்துவிடும், மொத்தக் கரண்ட் உச்ச மதிப்பில் 26 ஆம்பியர்தான். என் கணக்கில் அது 30.5. குறைவாக இருப்பதைப் பார்த்து ஆசை வரும். ஆனால் 80 மில்லிஹென்றியில் 18.3 ஆம்பியர் ஓடினால் காந்தப்பாய்வு 1.46 வெபர். 50 ஹெர்ட்ஸில் அது கேட்கும் ஃபேஸ் வோல்டேஜ், உச்ச மதிப்பில், 460-க்குப் பக்கத்தில். 400 வோல்ட் லைனில் கிடைப்பதோ 327. நடக்காது. வோல்டேஜை விட்டாலும் இரும்பு விடாது. 12 ஆம்பியரிலேயே ஏறக்குறைய நிறைந்த தகடுகளில் 18 ஆம்பியரைத் தள்ளினால் பாய்வு கொஞ்சம்தான் ஏறும், அதாவது Ld சரிந்துவிடும். ஆக, id-ஐ இரும்பு தாங்குமளவில் நிறுத்திவிட்டு மீதியை iq-இல் ஏற்றுவதுதான் வழி. என் கணக்கில் கோணம் 67 டிகிரிக்குப் பக்கம்.

இன்னொரு தொல்லையும் உண்டு. Ld, Lq இரண்டும் நிலையான எண்கள் இல்லை. iq ஏறினால் அதே தகடுகளைத்தான் அதுவும் பயன்படுத்துகிறது என்பதால் Ld-யும் கொஞ்சம் இறங்கும். அதனால் நல்ல டிரைவ்கள் இரண்டு எண்களை மட்டும் வைத்துக்கொள்ளாமல், கரண்டுக்கேற்ற அட்டவணையை வைத்துக்கொண்டு, குறைந்த கரண்டில் அதிக டார்க் வரும் கோணத்தைச் சுமைக்கேற்ப மாற்றிக்கொண்டே இருக்கும்.

பவர் ஃபேக்டர் மோசம் என்கிறார்களே. மின்கட்டணத்தில் அடிபடுமா?

மோசம் என்பது உண்மை, கட்டணத்தில் அடிபடாது.

எவ்வளவு மோசம் என்பதை Ld / Lq விகிதம் சொல்லிவிடும். அந்த விகிதத்தை k என்றால், இழப்புகளைக் கணக்கில் எடுக்காவிட்டால், கிடைக்கக்கூடிய அதிகபட்ச பவர் ஃபேக்டர் (k − 1) / (k + 1). நம் மோட்டாரில் k = 8, எனவே 7/9, அதாவது 0.78. மேலே போட்ட கணக்கில் 0.77 வருகிறது, அந்த 67 டிகிரி, வரம்புக்கு மிகப் பக்கத்தில்தான் இருந்திருக்கிறது. இதே அளவு இண்டக்‌ஷன் மோட்டார் 0.83, 0.85 என்று காட்டும். தகடு வடிவமைப்பை எவ்வளவு மெருகேற்றினாலும் k-ஐ 10-க்கு மேல் கொண்டுபோவது கடினம். அப்படியே 10 வந்தாலும் 0.82-தான்.

ஆனால் இந்த பவர் ஃபேக்டர் மோட்டாருக்கும் டிரைவுக்கும் நடுவில் மட்டும் இருப்பது. லைன் பக்கத்தில் நிற்பது டிரைவின் ரெக்டிஃபயர், மோட்டாரின் ரியாக்டிவ் கரண்ட் டிரைவின் கெப்பாசிட்டரோடு நின்றுவிடும். அதற்கான விலையை டிரைவின் அளவில் கொடுக்கிறோம். எனவே டிரைவைக் கிலோவாட் பார்த்து வாங்காதீர்கள், மோட்டார் நேம்பிளேட்டில் உள்ள ஆம்பியரைப் பார்த்து வாங்குங்கள். சில நேரம் ஒரு படி பெரிய டிரைவ் தேவைப்படும்.

இண்டக்‌ஷன் மோட்டாரிலும்தான் காந்தம் இல்லை. இதற்கு ஏன் மாறவேண்டும்?

ரோட்டரில் வீணாகும் வெப்பத்துக்காக.

அதே 11 கிலோவாட் இண்டக்‌ஷன் மோட்டார் 1460 ஆர்பிஎம்மில் ஓடுகிறது என்று வைப்போம். புலத்தின் 1500-ஐவிட 40 ஆர்பிஎம் குறைவு, இந்த வித்தியாசத்துக்குத்தான் ஸ்லிப் என்று பெயர், அதாவது 2.7 சதவீதம். ரோட்டருக்குள் போகும் பவரில் அதே 2.7 சதவீதம் ரோட்டர் கம்பிகளில் வெப்பமாகவே போகும். இது தப்பிக்கவே முடியாத கணக்கு, கிட்டத்தட்ட 300 வாட். ரிலக்டன்ஸ் ரோட்டரில் கம்பியே இல்லை, ஸ்லிப்பும் இல்லை, அந்த 300 வாட் இல்லை. முழுசும் மிச்சம் என்று சொல்லமாட்டேன். ஸ்டேட்டர் கரண்ட் கொஞ்சம் கூடுவதால் அங்கே ஒரு பகுதி திரும்பிப் போய்விடும், ரோட்டர் மேற்பரப்பில் சின்ன இரும்பு இழப்பும் உண்டு. ஆனாலும் லாபம் நிற்கும். ஐ.இ.5 என்ற உயர் திறன் வகுப்பைக் காந்தம் இல்லாமல் எட்டிய மோட்டார்கள் இந்த வகையில்தான் அதிகம்.

எனக்கு இதைவிடப் பிடித்த லாபம் பேரிங். ஸ்டேட்டர் வெப்பம் உறையின் வழியாக வெளியே போய்விடும். ரோட்டர் வெப்பத்துக்கு ஷாஃப்ட் ஒரு முக்கிய வழி, போகிற வழியில் பேரிங் இருக்கிறது. 15 டிகிரி சூடு ஏறினால் கிரீஸின் ஆயுள் பாதியாகும் என்பது பேரிங் வேலை பார்ப்பவர்கள் சொல்லும் பழைய கணக்கு. ரோட்டர் குளிர்ச்சியாக இருந்தால் அந்தக் கணக்கு நம் பக்கம் வேலை செய்யும்.

டிரைவ் இல்லாமல் நேராக மூன்று ஃபேஸில் கொடுத்தால் ஓடுமா?

ஓடாது. 50 ஹெர்ட்ஸ் புலம் உடனே 1500 ஆர்பிஎம்மில் சுற்றத் தொடங்கிவிடும். நின்றுகொண்டிருக்கும் ரோட்டரை ஒரு கணம் முன்னே இழுக்கும், அடுத்த கணம் பின்னே இழுக்கும். சராசரி டார்க் பூஜ்யம். உறுமும், அதிரும், சூடாகும்.

இந்த யோசனை இத்தனை பழையதாக இருந்தும் இவ்வளவு தாமதமாகச் சந்தைக்கு வந்ததற்கு இதுவே முக்கியக் காரணம். ஜே. கே. கோஸ்ட்கோ என்பவர் 1923-லேயே ரோட்டருக்குள் ஃப்ளக்ஸ் பேரியர் வைப்பதைப் பற்றி எழுதிவிட்டார். அன்றைக்கு ஃப்ரீக்வென்சியை மெதுவாக ஏற்றித்தர இன்வெர்ட்டர் இல்லை. ரோட்டரிலேயே அணில்கூண்டு மாதிரி கம்பிகளையும் வைத்து, இண்டக்‌ஷன் மோட்டார்போல் கிளப்பி, வேகம் வந்ததும் சின்க்ரோனஸில் பிடிக்கவைத்த மோட்டார்கள் இருந்தன. பல மோட்டார்கள் அச்சுப் பிசகாமல் ஒரே வேகத்தில் ஓடவேண்டிய செயற்கை நூலிழை ஆலைகளில் அவற்றுக்கு இடம் கிடைத்தது. ஆனால் கம்பிகள் பிறைகளின் இடத்தைத் தின்றதால் k குறைந்து, திறனும் சுமாராகவே இருந்தது. இன்வெர்ட்டர் மலிவானபின் கூண்டைத் தூக்கி எறிய முடிந்தது. 1990-களில் இத்தாலியின் டொரினோவில் அல்ஃப்ரெடோ வகாத்தியின் குழு பிறைகளின் வடிவத்தை முறையாக ஆராய்ந்தது. 2011 வாக்கில் ஏபிபி நிறுவனம் மோட்டாரையும் டிரைவையும் ஒரே தொகுப்பாக விற்கத் தொடங்கியது.

டிரைவ் மாட்டியாச்சு, ஆனால் மோட்டார் உதறுகிறது, சுற்ற மாட்டேன் என்கிறது. எங்கே பார்ப்பது?

முதலில் டிரைவில் மோட்டார் வகை என்ன என்று பார்க்கவும். நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன்.

ஓர் ஆலையில் காற்றோட்ட ஃபேன் ஒன்றின் டிரைவ் பழுதாகி, புதியதை மாட்டினார்கள். ரன் கொடுத்தால் ஷாஃப்ட் கால் சுற்று முன்னே போகும், பின்னே வரும், ஓர் உறுமல், பிறகு ஓவர்கரண்ட் ட்ரிப். கேபிளின் இன்சுலேஷனை மெகர் வைத்துச் சோதித்தார்கள், பேரிங்கைச் சந்தேகப்பட்டார்கள், ஃபேனைக் கழற்றியும் பார்த்துவிட்டார்கள். நான் போய் நேம்பிளேட்டைத் துடைத்துப் பார்த்தபோது வேகம் என்ற இடத்தில் 1500 என்று இருந்தது. 1460 இல்லை, 1475 இல்லை, மொட்டையாக 1500. ஸ்லிப்பே இல்லாத ஒரு நான்கு போல் மோட்டார் இண்டக்‌ஷன் மோட்டாராக இருக்க முடியாது. புது டிரைவோ ஃபேக்டரி அமைப்பிலேயே இருந்தது, அதாவது இண்டக்‌ஷன் மோட்டார் என்று நினைத்துக்கொண்டு, இல்லாத ஸ்லிப்பைக் கணக்கிட்டுக் கொண்டிருந்தது. வகையை மாற்றி, நேம்பிளேட் எண்களைக் கொடுத்து, டிரைவே மோட்டாரை அளந்து தெரிந்துகொள்ளும் ஐடி ரன் போட்டதும் சத்தமில்லாமல் கிளம்பிவிட்டது.

மெனுவில் இந்த வகையே இல்லாத டிரைவ்களும் உண்டு. அதில் முட்டி மோதிப் பயனில்லை, டிரைவை மாற்றவேண்டியதுதான்.

சுமை இல்லாதபோது ஒழுங்காக ஓடி, சுமை ஏறும்போது மட்டும் வேகம் ஊசலாடி ட்ரிப் ஆனால் கதை வேறு. டிரைவின் கையிலுள்ள இண்டக்டன்ஸ் எண்கள் உண்மையோடு ஒத்துப்போகவில்லை என்று சந்தேகப்படுங்கள். குறைந்த கரண்டில் எடுத்த Ld, முழுச் சுமையில் பொய்யாகிவிடும் என்று மேலே பார்த்தோமே, அதுதான். ஐடி ரன்னை நிறுத்தி வைத்து எடுத்திருந்தால், முடிந்தால் ஷாஃப்டைச் சுமையிலிருந்து கழற்றிச் சுற்றவிட்டு மறுபடி எடுக்கவும்.

சென்சார் எதுவும் இல்லையே, ரோட்டர் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று டிரைவுக்கு எப்படித் தெரியும்?

ஓடும்போது வோல்டேஜையும் கரண்டையும் வைத்துக் காந்தப்பாய்வைக் கணக்கிட்டுக்கொள்ளும். நிற்கும்போதும் மெதுவாகச் சுற்றும்போதும் அந்தக் கணக்கு கைகொடுக்காது, வோல்டேஜ் மிகச் சிறியதாக இருக்கும். அப்போது டிரைவ் ஒரு தந்திரம் செய்கிறது. உயர் ஃப்ரீக்வென்சியில் ஒரு சின்ன வோல்டேஜை மோட்டாருக்குள் விட்டு, கரண்ட் எந்தத் திசையில் அதிகமாக எழும்புகிறது என்று பார்க்கும். இண்டக்டன்ஸ் குறைவான கடின வழியில் கரண்ட் அதிகமாக எழும்பும். திசை தெரிந்துவிட்டது. கிளம்பும்போது மெல்லிய ‘ங்ங்’ என்ற கீச்சொலி கேட்டால் அதுதான், பழுது இல்லை.

இதில் ஒரு வசதியும் இருக்கிறது. இந்த முறையில் ரோட்டரின் தலையும் வாலும் ஒன்றுபோல்தான் தெரியும். காந்தம் உள்ள மோட்டாரில் தலையை வாலாக நினைத்துவிட்டால் தலைகீழாகக் கிளம்பிவிடும், அதனால் வடக்கு எது என்று தனியாகச் சோதிக்கவேண்டும். இங்கே ஆணிக்கு இரண்டு முனையும் ஒன்றுதான், அந்தக் கவலையே கிடையாது.

ஸ்விட்ச்டு ரிலக்டன்ஸ் மோட்டாரும் இதுவும் ஒன்றா?

இல்லை, தத்துவம் மட்டும் உறவு. அதில் ஸ்டேட்டரிலும் பல், ரோட்டரிலும் பல். ஒவ்வொரு காயிலாக மாற்றி மாற்றித் தட்டி இழுக்கும். அதனால் சத்தம் அதிகம், டிரைவும் தனி வகை. இதில் ஸ்டேட்டர் சாதாரண மூன்று ஃபேஸ் மோட்டாருடையதே, கரண்டும் சைன் வடிவம். இதிலும் பிறைகளின் நுனிகள் ஸ்டேட்டர் ஸ்லாட்டுகளைக் கடக்கும்போது டார்க்கில் சின்ன ஏற்றத்தாழ்வு வரும். பல நுனிகள் ஒரே நேரத்தில் ஸ்லாட்டுகளைக் கடக்காதபடி இடம் மாற்றி வைத்து அதைக் குறைப்பார்கள்.

அப்படியானால் எங்கெல்லாம் போடுகிறார்கள்? எங்கே வேண்டாம்?

டிரைவ் எப்படியும் இருக்கப்போகும் இடம், நாள் முழுக்க ஓடும் வேலை, முழு வேகத்திற்குக் கீழே அதிக நேரம். இந்த மூன்றும் சேர்ந்தால் இந்த மோட்டார் பொருந்தும். தண்ணீர் பம்ப், காற்றோட்ட ஃபேன், குளிரூட்டும் கோபுர ஃபேன், ஸ்க்ரூ கம்ப்ரஸர் ஆகியவை முதல் வரிசை. ஃபேனை 80 சதவீத வேகத்தில் ஓட்டினால் டார்க் 64 சதவீதமாகவும் பவர் 51 சதவீதமாகவும் இறங்கும். அந்தக் குறைந்த டார்க்கில் id-ஐயும் குறைத்துக்கொள்ளலாம், வோல்டேஜ் நெருக்கடியும் இல்லாததால் கோணத்தையும் வசதியான இடத்துக்குக் கொண்டுவரலாம். எக்ஸ்ட்ரூடர், கன்வேயர் போன்ற, மெதுவாக ஓடினாலும் முழு டார்க் கேட்கும் வேலைகளுக்கும் போடுகிறார்கள். ரோட்டர் சூடாகாததால் மெதுவேகத்தில் வெப்பத்தை அடக்குவது எளிது.

வேண்டாம் என்று சொல்வது எங்கே என்றால், டிரைவே தேவைப்படாத, ஆன்-ஆஃப் மட்டும் செய்யும் நிலையான வேக மோட்டாருக்கு. ஆண்டுக்குச் சில நூறு மணி நேரம் ஓடும் மோட்டாருக்கும் வேண்டாம். எடையும் இடமும் கிராம் கணக்கில் பார்க்கப்படும் இடத்தில் காந்தம் உள்ள மோட்டார்தான் வெல்லும்.

மின்சார கார்களில் இதைப் போடுவதாகக் கேள்விப்பட்டேனே?

கேள்விப்பட்டது பெரும்பாலும் இதன் கலப்பு வகை. பிறைகளின் காலி இடத்தில் காந்தங்களைச் செருகிவிட்டால் காந்தத்தின் டார்க், ரிலக்டன்ஸ் டார்க் இரண்டும் சேர்ந்து கிடைக்கும். 2017-இல் வந்த டெஸ்லா மாடல் 3-இன் பின்பக்க மோட்டார் அந்த ரகம். ஹைப்ரிட் கார்களின் மோட்டார்களிலும் ரிலக்டன்ஸ் டார்க்குக்குக் கணிசமான பங்கு உண்டு. விலை குறைந்த ஃபெர்ரைட் காந்தத்தைச் செருகினாலே பவர் ஃபேக்டர் நன்றாக ஏறிவிடும், தொழிற்சாலை மோட்டார்களிலும் இதைச் செய்கிறார்கள். ஆனால் அப்புறம் அது ‘காந்தமில்லா மோட்டார்’ இல்லை. காற்றில் ஃபேன் தானாகச் சுற்றினால்கூட டெர்மினலில் வோல்டேஜ் வரும். காந்தமில்லாத வகையில் டிரைவ் நின்றதும் புலமும் போய்விடும், சுற்றிக்கொண்டிருந்தாலும் சொல்லும்படியாக ஒன்றும் வராது. டெர்மினல் பெட்டியைத் திறக்குமுன் உங்களுடையது எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள். எந்த வகையாக இருந்தாலும் அளந்து பார்த்துவிட்டே கை வைக்கவும்.

எரிந்துபோனால் சாதாரண ரீவைண்டிங் பட்டறையில் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். ஸ்டேட்டரில் விசேஷம் ஒன்றும் இல்லை. ரோட்டரும் காந்தம் உள்ளதுபோல் ஸ்டேட்டரோடு ஒட்டிக்கொண்டு வர மறுக்காது, கையால் உருவிவிடலாம். சுற்றுகளின் எண்ணிக்கையையும் கம்பித் தடிமனையும் இருந்தபடியே வைக்கச் சொல்லுங்கள். மாறினால் இண்டக்டன்ஸும் மாறும். எப்படி இருந்தாலும் திரும்ப மாட்டியதும் ஐடி ரன் ஒருமுறை போட்டுவிடுங்கள்.

ஒன்றை மட்டும் பட்டறையில் எழுதியே கொடுத்துவிடுங்கள். பேரிங் போய் ரோட்டர் ஸ்டேட்டரில் உரசியிருந்தால், லேத்தில் பிடித்து மேலே லேசாக ஒரு கட் எடுத்துச் சுத்தம் செய்வது பழக்கம். இண்டக்‌ஷன் ரோட்டரில் அதில் பெரிய ஆபத்தில்லை. இங்கே அப்படி எடுக்கும் அரை மில்லிமீட்டர்தான், பிறைகளின் நுனியில் தகட்டைப் பிடித்து வைத்திருக்கும் அந்தப் பாலம்.